தங்கைக்காக ஒரு பிரார்த்தனைக் கவிதை: எதைக் கேட்பது, எதை விடுவது?

கேள்வி: என் தங்கைக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் குழந்தை இல்லை. இரண்டு பேருக்கும் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு முறை ஐ.வி.எஃப். செய்து பலிக்கவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் கரு வைக்கப் போகிறார்கள். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அதே வாரம் அவர்களுடைய திருமண நாள். அன்றைக்குக் குடும்பமாகக் கூடிப் பிரார்த்தனை செய்யலாம் என்கிறார் அம்மா. அதில் வாசிக்க நான் இப்படி எழுதியிருக்கிறேன்:

*வெறுமையான மடி நிறையட்டும்,*
*சிரிப்பில்லா வீட்டில் மழலை ஒலிக்கட்டும்.*
*அடுத்த ஆண்டு இதே நாளில்*
*அள்ளி அணைக்க ஒரு பிள்ளை வேண்டும்.*
*பொறுத்தவளுக்குப் பலன் உண்டு,*
*நம்பினவளை நீ கைவிட்டதில்லை.*

அம்மா கேட்டதும் அழுதுவிட்டார். என் கணவரோ, "இதை அவள் முன்னால் வாசிக்காதே" என்கிறார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரார்த்தனை செய்தால் ஐ.வி.எஃப். வெற்றி இரண்டு மடங்காகிறது என்று ஓர் ஆய்வைப் பற்றியும் படித்தேன். அவள் மனசு லேசானாலே பாதி வெற்றிதானே? நான் வாசிக்கலாமா?

பெயர் வெளியிட விரும்பாத ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் பக்கம்தான் நானும். அதற்காகக் கவிதையைக் கிழித்துப் போட வேண்டாம். வாசிக்கும் இடத்தை மாற்ற வேண்டும், சில வரிகளை எடுக்க வேண்டும், சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

குழந்தைப்பேறு சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. தங்களை நோகடித்த செய்தி என்று அவர்கள் போனைத் திறந்து காட்டுபவற்றில் பெரும்பாலானவை அன்பாக எழுதப்பட்டவைதான். குத்திப் பேசுகிறவரிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அக்கா கண்ணீரோடு எழுதிக் கொடுத்ததை என்ன செய்வது? வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், நன்றி சொல்லத்தான் வேண்டும். அப்புறம் ராத்திரி படுத்தபின் ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வரும்.

இப்படி ஒரு பிரார்த்தனையை எழுதும்போது ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பலிக்கவில்லை என்று தெரிந்த மறுநாள் காலையில் உங்கள் தங்கை இந்தக் காகிதத்தை மறுபடி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வரியில் அவள் கண் நிற்கும்? எந்த வரியை அடிக்கத் தோன்றும்? அந்த வரி முதலிலேயே வேண்டாம். பலித்துவிட்டாலும் சரி, பலிக்காவிட்டாலும் சரி, இனி சிகிச்சையே வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தாலும் சரி, அந்தக் காகிதம் வீட்டில் இருக்கலாம் என்று இருக்க வேண்டும்.

உங்கள் ஆறு வரிகள்

இந்தச் சோதனையை உங்கள் கவிதைக்கே வைத்துப் பார்ப்போம். முதல் வரியிலேயே மாப்பிள்ளை காணாமல் போய்விட்டார். மடி என்றால் அவளுடைய மடி. நிறையாமல் இருப்பது அவளுடைய உடம்பு. கடைசி இரண்டு வரிகளிலும் பொறுத்தவள், நம்பினவள் என்று அவளேதான் வருகிறாள். குழந்தைக்காகக் காத்திருப்பவர் இரண்டு பேர். இந்தப் பிரச்சினை இருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவி தரப்புக் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. ஆனாலும் ஊர்ப்பேச்சு முழுவதும் பெண் பக்கமே சாய்கிறது. உங்கள் கவிதையும் தெரியாமல் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் இதில் நஷ்டம். அவருடைய துக்கத்துக்குக் கவிதையில் ஓர் இடம்கூட இல்லை.

இரண்டாவது வரி அவர்கள் வீட்டைச் சிரிப்பில்லாத வீடு என்கிறது. உண்மையிலேயே அப்படியா? எட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர், ஒரு தோல்விக்குப் பிறகும் இன்னொரு முயற்சிக்குத் துணிகிறார்கள் என்றால் அந்த வீட்டில் ஏதோ ஒன்று நன்றாகவே நடக்கிறது. அதைப் பார்க்காமல், இல்லாததை மட்டும் எண்ணிக் காட்டுவது அவர்களுக்கு வலிக்கும்.

மூன்றாவது, நான்காவது வரிகள்தான் எனக்கு மிகவும் கவலை தருகின்றன. "அடுத்த ஆண்டு இதே நாளில்" என்று நீங்கள் கடவுளுக்குத் தேதி குறிப்பதாக நினைக்கிறீர்கள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தங்கை. தேதி அவள் தலையில்தான் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடுத்த மாதம் வைக்கும் கரு தங்கினால் பிரசவத்துக்கு அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மாதம். அப்படியானால் அடுத்த திருமண நாளுக்குள் குழந்தை பிறந்திருக்க வேண்டுமென்றால் இந்த முயற்சியோ, தவறினால் அடுத்த மூன்று மாதத்துக்குள் இன்னொன்றோ பலித்தாக வேண்டும். நிதானமாக மறுபடி முயல உங்கள் கவிதையில் இடமே இல்லை. நீங்கள் இவ்வளவு யோசித்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் அவள் யோசிப்பாள். சிகிச்சையில் இருக்கும் பெண்கள் வாரத்தையும் நாளையும் விரலில் எண்ணிக்கொண்டே இருப்பவர்கள். தவிர, அவள் உங்களிடம் மட்டும் சொன்ன விஷயத்தை அந்த வரி கூட்டத்தில் பாதி உடைத்தும் விடுகிறது. "ஏன் சரியாக அடுத்த வருஷம்?" என்று ஒரு சித்தியாவது கேட்பார்.

கடைசி இரண்டு வரிகள் ஆறுதல்போல் இருக்கின்றன. அவற்றைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பொறுத்தவளுக்குப் பலன் உண்டு என்றால், பலன் வராதவள் சரியாகப் பொறுக்கவில்லை என்றாகிறது. நம்பினவளை அவன் கைவிட்டதில்லை என்றால், குழந்தை கிடைக்காதவள் நம்பாதவள் ஆகிவிடுகிறாள். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்பது தங்கைக்கும் தெரியும். தோற்றுப்போன நாளில் மனசு அந்தக் கணக்கைத் தானாகவே போட்டுவிடும். "நான் ஒரு வாரம் சாமியிடம் கோபமாக இருந்தேன், அதனால்தான் இப்படி ஆச்சா?" என்று என் முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு. இப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல பக்தியுள்ளவர்கள்.

இதே காரணத்துக்காக, வேத புராணக் கதைகளிலிருந்து உதாரணம் எடுக்கும் ஆசை வந்தாலும் அடக்கிக்கொள்ளுங்கள். தசரதன், பைபிளில் வரும் சாராள், அன்னாள் என்று நாம் எடுத்துச் சொல்லும் கதைகள் எல்லாமே குழந்தை பிறந்து முடிகின்றன. குழந்தை பிறக்காமல் முடிந்திருந்தால் அந்தக் கதைகள் நம்மிடம் வந்தே இருக்காது. அதனால் கதையைச் சொன்னாலே வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அன்னாளின் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவள் சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியர் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் எவ்வளவு சுலபமாகத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

ஆய்வு, மனசு, "குறையில்லை" என்ற வார்த்தை

நீங்கள் படித்த ஆய்வு எது என்று எனக்குப் புரிகிறது. 2001-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. தென்கொரியாவின் சியோலில் சிகிச்சை பெற்ற பெண்களுக்காக, அவர்களுக்கே தெரியாமல், வேறு நாடுகளில் இருந்தவர்கள் பிரார்த்தனை செய்தார்கள் என்றும், அந்தப் பெண்களில் 50 சதவீதம் பேர் கருவுற்றார்கள், மற்றவர்களில் 26 சதவீதம்தான் என்றும் அது சொன்னது. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு அதன் முறைகள் குறித்துக் கடுமையான கேள்விகள் எழுந்தன. எழுதிய மூவரில் ஒருவர் 2004-ல் தன் பெயரை விலக்கிக்கொண்டார். இன்னொருவர், ஆய்வோடு தொடர்பில்லாத மோசடி வழக்கு ஒன்றில் அதே ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். பெயர் விலக்கிய செய்தி முதல் செய்தி போய்ச் சேர்ந்த இடத்துக்கெல்லாம் போய்ச் சேரவில்லை. ஆகவே இந்த எண்ணைத் தங்கையிடம் சொல்லாதீர்கள்.

அதைவிட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு 2006-ல் வந்தது. இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,800 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் "உங்களுக்காக நிச்சயம் பிரார்த்தனை நடக்கிறது" என்று சொல்லப்பட்டது. அந்தக் குழுவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. நடக்குமோ நடக்காதோ என்று தெரியாமலே பிரார்த்தனை செய்யப்பட்டவர்களில் அது 52 சதவீதம். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். பிரார்த்தனை கெடுதல் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. எனக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிவது சிலருக்குப் பாரமாகலாம் என்ற சந்தேகம் மட்டும் வருகிறது. ஆய்வு எப்படியோ போகட்டும், சிகிச்சையில் இருப்பவர்களிடம் இந்தப் பாரத்தை நான் நேரிலேயே பார்க்கிறேன். "எல்லாரும் வேண்டிக்கிறாங்க, நான்தான் அவங்களை ஏமாத்திடுவேனோன்னு இருக்கு" என்பார்கள்.

மனசு லேசானால் பாதி வெற்றி என்பதும் அப்படித்தான். 2011-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 14 ஆய்வுகள், அவற்றில் 3,583 பெண்கள். சிகிச்சைக்கு முன் இருந்த கவலைக்கும் மனஅழுத்தத்துக்கும், அந்தச் சுற்று பலித்ததா இல்லையா என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. அவள் கவலைப்படுவதால் கரு தங்காமல் போய்விடாது. இதை அவளிடம் யாராவது சொன்னால் அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. மனசு லேசாக இருந்தால் நல்லதுதான், அது அவளுக்கு நல்லது. சிகிச்சையின் வெற்றியை அவளுடைய மனசின் கையில் கொடுக்காதீர்கள். அவள் அழவும் வேண்டும் அல்லவா?

அப்புறம், "குறையில்லை" என்று டாக்டர் சொன்னார் என்றீர்கள். இப்போது இருக்கும் பரிசோதனைகளில் காரணம் பிடிபடவில்லை என்பதே அதன் பொருள். காரணமே இல்லை என்று ஆகிவிடாது. முட்டையின் தரத்திலோ, கரு கருப்பையில் ஒட்டும் நேரத்திலோ நடக்கும் எத்தனையோ விஷயங்கள் வழக்கமான சோதனைகளில் தெரியாது. நல்ல கரு, நல்ல கருப்பை என்று எல்லாம் சரியாக இருந்தும் பலிக்காமல் போவது சிகிச்சை உலகில் அன்றாடம் நடப்பது. ஆகவே "மருத்துவம் முடிந்தது, இனி பிரார்த்தனை மட்டும்தான் பாக்கி" என்ற எண்ணத்தோடு கவிதை எழுத உட்காராதீர்கள். அந்த எண்ணம் வரிக்கு வரி கசிந்துவிடும்.

எப்போது, எங்கே

கரு வைத்தபிறகு ரத்தப் பரிசோதனை வரைக்கும் ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களை வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். கருவைத் தாங்கக் கருப்பையைத் தயாராக வைக்க புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனை மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுப்பார்கள். அதனாலேயே மார்பு கனக்கும், அசதி வரும், மாதவிலக்கு தள்ளியும் போகலாம். கர்ப்பத்தின் அறிகுறியும் அதுவே, மருந்தின் விளைவும் அதுவே. இதைத் தெரிந்துகொண்டிருந்தாலும் அவள் நாளுக்குப் பத்து தடவை தன் உடம்பைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். பக்கத்து வீட்டில் யாரோ சொன்ன ஒரு வார்த்தையும் அப்போது சகுனமாகிவிடும். அந்த நேரத்தில் கூட்டமாக உட்கார்ந்து, எல்லார் கண்ணும் அவள்மேல் இருக்க, ஒரு கவிதை வாசிப்பது வேண்டவே வேண்டாம். அழுதால் எல்லாரும் பார்ப்பார்கள், அழாவிட்டால் நன்றியில்லாதவள் என்று தோன்றும், எழுந்து போகவும் முடியாது.

கவிதையை இப்போதே, கரு வைக்கும் வாரத்துக்கு முன்பே, இருவர் பெயரும் எழுதி ஒரு உறையில் கொடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: "உங்க ரெண்டு பேருக்காகவும் ஒண்ணு எழுதியிருக்கேன். வேண்டுதல் மாதிரி. இப்ப தரட்டுமா, அப்புறம் தரட்டுமா, இல்ல என்கிட்டயே இருக்கட்டுமா?" மூன்றாவது வாய்ப்பை மறக்காமல் சொல்லுங்கள், அதையே அவள் தேர்ந்தெடுத்தால் முகம் வாடாதீர்கள். உங்களிடமே இருக்கும் காகிதத்தை வைத்து நீங்கள் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை.

திருமண நாளுக்குத் திருமண நாள் வாழ்த்து போதும். எட்டு வருஷம் சேர்ந்திருப்பதே கொண்டாடத்தக்கது. அம்மாவிடம் பேசும்போது சிகிச்சையைப் பற்றிச் சொல்லி அனுமதி கேட்காதீர்கள், அந்த ரகசியம் உங்களுடையது இல்லை. "அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு சாதாரணமா இருக்கட்டும்மா. குழந்தை பேச்சு எடுக்க வேண்டாம். தனியா நாம வேண்டிக்குவோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மனசுக்கும் ஒரு வழி வேண்டும். தினமும் உங்களோடு சேர்ந்து அவர் வேண்டிக்கொள்ளட்டும்.

நான் எழுதிப் பார்த்தது

நீங்கள் எழுதுவதற்கு ஒரு மாதிரிக்காக, நானே ஒன்றை எழுதிப் பார்த்தேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றவும் செய்யலாம். உங்கள் வழிபாட்டில் கடவுளை எப்படி அழைப்பீர்களோ அப்படியே முதல் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

*இறைவா,*
*இந்த இருவரையும் உனக்குத் தெரியும்.*
*புதிதாக நான் அறிமுகம் செய்ய ஒன்றுமில்லை.*
*அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும்.*
*அதையே நானும் கேட்கிறேன்,*
*ஒரே ஒரு முறை.*
*தேதி குறிக்கவில்லை, பேரம் பேசவில்லை.*

*இன்று ராத்திரி அவர்கள் தூங்கட்டும்.*
*ஊசி போடுகிற கை நடுங்காமல் இருக்கட்டும்.*
*மருத்துவமனையிலிருந்து போன் வரும்போது*
*இருவரும் ஒரே அறையில் இருக்கட்டும்.*

*அவளுக்குக் கோபம் வந்தால்*
*உன்மேலேயே வரட்டும், நீ தாங்குவாய்.*
*அவனுக்கு அழுகை வந்தால்*
*அழ ஓர் இடம் கிடைக்கட்டும்.*
*உன்னோடு பேசவே பிடிக்காத நாட்களில்*
*பேசாமல் இருக்கட்டும்.*
*அதைக் கணக்கில் எழுதாதே.*

*இன்னொரு வீட்டுத் தொட்டில் முன்னால்*
*சிரிக்க முடிந்தால் சிரிக்கட்டும்,*
*முடியாவிட்டால் எழுந்து வரட்டும்.*
*ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.*
*கேட்க வாய் திறக்கும் எங்களுக்கு*
*வேறு பேச்சைக் கொடு.*

*இன்னும் ஒரு முறை என்று சொன்னால்*
*அதற்குத் தெம்பு கொடு.*
*இதோடு போதும் என்று சொன்னால்*
*அதற்கும் தெம்பு கொடு.*
*எந்தப் பக்கம் நடந்தாலும்*
*கூட நட.*

*இவர்கள் இருவர்,*
*இப்போதே ஒரு குடும்பம்.*
*இந்த வீட்டில் இருக்கும் அன்பைப்*
*பாதி என்று எவரும் எண்ணாதிருக்கட்டும்.*

இதில் நான் குழந்தையைக் கேட்கவே இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்டிருக்கிறேன். "அதையே நானும் கேட்கிறேன்" என்ற வரி அதற்குத்தான். சில ஆலோசகர்கள், குழந்தை என்ற பேச்சே இல்லாமல் அமைதிக்காக மட்டும் வேண்டச் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவராது. எட்டு வருஷமாக அவர்கள் ஏங்குவது ஒன்று, நாம் அதைத் தவிர்த்துவிட்டு வேறொன்றை வேண்டினால், நாமே நம்பிக்கை இழந்துவிட்டோமோ என்று அவர்களுக்குப் படும். ஒரு முறை கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடலாம். திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் கெடுபிடி ஆகிறது.

மற்ற வேண்டுதல்கள் சின்னவை, இன்றைக்கே நடக்கக்கூடியவை. தூக்கம், நடுங்காத கை, போன் வரும் நேரத்தில் பக்கத்தில் இருப்பது. சோதனையை வைத்துப் பாருங்கள். முடிவு எதிர்மறையாக வந்த மறுநாளும், அன்றைக்கு ராத்திரி அவர்கள் தூங்க வேண்டும் என்ற வரி பொய்யாகாது. ஊசி வரி அவர்களுக்கு உடனே பிடிபடும். பல வீடுகளில் கணவன்தான் ஊசி போடுகிறார், முதல் சில நாள் கை நடுங்கும். உங்கள் தங்கை வீட்டில் அவளே போட்டுக்கொள்கிறாள் என்றால் அந்த வரியை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். இப்படிப்பட்ட விவரங்கள் உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் தூங்காமல் என்ன செய்வாள், அவர் கவலையை எப்படி மறைப்பார் என்று யோசித்து எழுதினால் என்னுடையதைவிட நல்ல கவிதை வரும்.

"இதோடு போதும்" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அபசகுனம் என்று அம்மாவும் சொல்லக்கூடும். அது இருக்கட்டும் என்பதே என் யோசனை. எத்தனை முறை முயல்வது என்பது பணம், உடம்பு, வயது, இருவருடைய மனசு எல்லாம் சேர்ந்து எடுக்கும் முடிவு. நிறுத்த நினைக்கும் தம்பதிகள் பல நேரம் தங்கள் குடும்பத்துக்காகவே இன்னொரு சுற்றுக்குப் போகிறார்கள். நீ நிறுத்தினாலும் நான் உன் பக்கம் என்று அக்கா சொல்லி அவள் கேட்பது இந்த ஒரு இடத்தில் மட்டுமாக இருக்கலாம். இருந்தாலும் இந்த முயற்சி தொடங்கும் முன்பே இப்படி ஒரு வரியா என்று உங்கள் மனசு ஒப்பவில்லை என்றால், இப்போதைக்கு விட்டுவிட்டு வேறொரு நாள் நேரில் சொல்லுங்கள்.

அதேபோல, "எல்லாம் நல்லதுக்கே", "அவன் கொடுக்கிற நேரத்தில் கொடுப்பான்", "தத்து எடுத்தால் சொந்தக் குழந்தை தானாக வரும்" போன்றவை கவிதையிலும் வேண்டாம், பேச்சிலும் வேண்டாம். தத்தெடுத்த பிறகு கருவுற்றவர்களின் கதைதான் நம் காதுக்கு வருகிறது. தத்தெடுத்தும் கருவுறாதவர்கள் எத்தனையோ பேர், அவர்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. தத்தெடுப்பு தனியாகச் சிந்தித்து எடுக்க வேண்டிய முடிவு. கர்ப்பத்துக்கு வழி என்று அதைச் சொன்னால் வரப்போகும் குழந்தைக்கே அநியாயம்.

முடிவு வந்த நாளில்

ரத்தப் பரிசோதனை எந்த நாள் என்று அவள் சொல்லியிருந்தாலும் அன்றைக்குக் காலையில் இருந்து போன் செய்யாதீர்கள். முதல் நாளே ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "நாளைக்கு நீயா கூப்பிட்டா மட்டும் பேசுவோம். நான் கேட்க மாட்டேன்." முடிவு பாசிட்டிவ் என்று வந்தாலும் அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளும், சில வாரம் கழித்து இதயத்துடிப்பைக் காட்டும் ஸ்கேனும் இருக்கின்றன. "என் பிரார்த்தனை பலித்தது" என்று அப்போது கொண்டாடினால், இடையில் ஏதாவது தவறிப் போகும்போது அவளுக்கு இரட்டை அடி. அவள் சந்தோஷப்படும் அளவுக்கு மட்டும் நீங்களும் சந்தோஷப்படுங்கள். நெகட்டிவ் என்று வந்தால் அடுத்த முயற்சியைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள். "நான் வரட்டுமா, தனியா இருக்கணுமா?" என்று கேட்டால் போதும். மாப்பிள்ளைக்கும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். "அவளைப் பார்த்துக்கோங்க" என்று எழுதாமல், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று எழுதுங்கள்.

அவளோ அவரோ வாரக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், கவிதையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சிகிச்சை எடுக்கும் மருத்துவமனையில் ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரித்து, கூடவே போங்கள். சாகும் எண்ணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அதற்கு அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை தனியாக விடக் கூடாது.

கடைசியாக ஒன்று. உறையைக் கொடுத்தபிறகு பதிலே வராமல் இருக்கலாம். "படிச்சியா?" என்று கேட்காதீர்கள். படித்திருப்பாள், பேச்சு எடுத்தால் அழுகை வரும் என்று தள்ளிப் போட்டிருப்பாள். இல்லை, இன்னும் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருப்பாள். இரண்டுமே சரிதான்.